பெயர்களை மூடிவிட்டுப் படித்தால்

என் சித்தி மகள் சமூகவியல் படிக்கிறாள். சென்ற மாதம் ஒருநாள் தன் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பிறழ்நடத்தை, அதாவது சமூகத்தின் விதிகளை மீறும் நடத்தை பற்றிய பாடம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு சமூகவியலாளர்களின் பெயர்கள்: துர்க்கைம், மெர்ட்டன், சதர்லாண்ட், பெக்கர். மேலே நான்கு தலைப்புகள்: பார்வை, முக்கியக் கருத்து, விமர்சனம், எடுத்துக்காட்டு. பதினாறு கட்டங்களும் நிரம்பியிருந்தன.

"எல்லாம் எழுதிட்டேன் அக்கா. ஆனா 'ஒப்பிடுக'ன்னு கேள்வி வந்தா, இதைப் பார்த்து ஒரு பத்தி கூட எழுத முடியல" என்றாள்.

ஒரு தாளை எடுத்துப் பெயர்கள் இருந்த நிரலை மூடினேன். விமர்சனம் என்ற நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் படிக்கச் சொன்னேன். எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தாது. தனிமனிதரின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாக் குற்றங்களையும் விளக்கவில்லை. ஒருபக்கப் பார்வை கொண்டது. எது யாரைப் பற்றியது என்று கேட்டேன். எழுதியவள் அவள்தான், ஆனாலும் சொல்ல முடியவில்லை. அந்த நான்கையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் அட்டவணையில் எதுவும் கெட்டிருக்காது.

சிக்கல் அங்கேதான் இருந்தது. அவள் பாடத்தை நன்றாகவே படித்திருந்தாள். துர்க்கைமை முடித்துவிட்டு மெர்ட்டன், மெர்ட்டனை முடித்துவிட்டு சதர்லாண்ட் என்று பாடப்புத்தகம் போன வரிசையிலேயே ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு போயிருந்தாள். அப்படி நிரப்பினால் கிடைப்பது நான்கு தனிக் குறிப்புகள். நடுவில் கோடு இருப்பதால் அவை ஒப்பீடு ஆகிவிடுவதில்லை. நானும் முதுகலை படித்த காலத்தில் இரண்டு பருவங்கள் இப்படித்தான் அட்டவணை போட்டேன். பிறகு ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னது இன்னமும் நினைவிருக்கிறது: "குறுக்கே படிக்கிறதுக்கு அட்டவணை வேண்டாம், அதுக்குப் புத்தகமே போதும். நெடுக்கப் படிச்சா ஏதாவது தெரியுதான்னு பாரு." அன்றிலிருந்து நான் நிரல் நிரலாகத்தான் நிரப்புகிறேன். நான்கு பேருக்கும் பார்வையை எழுதி முடித்த பிறகே அடுத்த நிரலுக்குப் போவது. அன்று மாலை நாங்கள் இருவரும் அதே பாடத்தை எடுத்து, புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்கினோம்.

பார்வை என்ற நிரலில் அவள் எழுதியிருந்தவை: செயல்பாட்டியம், செயல்பாட்டியம், கற்றல் கோட்பாடு, முத்திரையிடல் கோட்பாடு. முதல் இரண்டு கட்டங்களிலும் ஒரே சொல். சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுச் சமூகத்துக்கு என்ன செய்கிறது என்று பார்க்கும் ஒரே குடும்பம்தான் துர்க்கைமும் மெர்ட்டனும், அதில் தவறில்லை. ஆனால் ஒப்பிட வந்த இடத்தில் இருவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த நிரல் எதையும் பிரித்துக் காட்டாது. குடும்பப் பெயரை ஓரத்தில் சிறிதாகக் குறித்துக்கொள்ளலாம். கட்டத்துக்குள் வரவேண்டியது, அந்த ஆள் எந்தக் கேள்விக்குப் பதில் தேடினார் என்பது.

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஏனென்றால் பாடப்புத்தகம் கேள்வியைப் பெரும்பாலும் சொல்லாது, பதிலைத்தான் சொல்லும். பதிலிலிருந்து பின்னால் நடந்து கேள்விக்குப் போகவேண்டும். 1895இல் துர்க்கைம் எழுதும்போது, குற்றம் ஏதோ ஒரு சமூகத்தில் மட்டும் இல்லை, எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது, அப்படியானால் அது ஒரு நோயாக இருக்கமுடியாது என்கிறார். அப்படியென்றால் அவர் கேட்ட கேள்வி, 'குற்றம் இல்லாத சமூகமே ஏன் இல்லை, அது சமூகத்துக்கு என்ன செய்கிறது?' என்பது. இன்னார் ஏன் திருடினார் என்று அவர் கேட்கவே இல்லை. மெர்ட்டன் 1938இல் கேட்டது வேறு: 'சமூக அமைப்பின் சில இடங்களில் இருப்பவர்கள் மீது மட்டும் விதியை மீறச்சொல்லும் அழுத்தம் ஏன் அதிகமாக விழுகிறது?' சதர்லாண்டின் கேள்வி இன்னும் கீழே இறங்கி, ஒரு மனிதரின் பக்கத்தில் வந்து நிற்கிறது: 'குற்றம் செய்வதை ஒருவர் எப்படி, யாரிடம் கற்கிறார்?' பெக்கர் 1963இல் மேசையையே திருப்பிப் போட்டார்: 'எது பிறழ்வு என்று முடிவு செய்வது யார், அந்த முடிவு யார் மீது ஒட்டுகிறது?'

இந்த நான்கு கேள்விகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "நாலு பேரும் ஒரே விஷயத்தைப் பேசலையே அக்கா" என்றாள். சரியாகச் சொன்னாள். ஒரே பாடத் தலைப்பின் கீழ் இருப்பதால் நால்வரும் ஒரே கேள்விக்குப் போட்டி போட்டுப் பதில் சொல்கிறார்கள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. முதல் நிரல் ஒழுங்காக இருந்தால் இந்த மயக்கம் நீங்கிவிடும். விமர்சன நிரலுக்கு வரும்போது இது இன்னும் முக்கியமாகும்.

முக்கியக் கருத்து நிரலை விரைவாக முடித்துவிடலாம். ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டோம்: கலைச்சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடாது, வினையோடு ஒரு முழு வாக்கியம் இருக்கவேண்டும். அவளுடைய பழைய அட்டவணையில் மெர்ட்டனுக்கு நேரே 'அனோமி' என்று இருந்தது. துர்க்கைமுக்கு நேரேயும் 'அனோமி, கூட்டு மனசாட்சி' என்று இருந்தது. ஒரே சொல் இரண்டு கட்டங்களில் வந்தால் அங்கே நின்று பார்க்கவேண்டும், ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். இங்கே ஒளிந்திருந்தது பெரிய விஷயம். துர்க்கைமிடம் அனோமி என்பது, சமூகம் வேகமாக மாறும்போது ஆசைகளுக்கு எல்லை வகுக்கும் நெறிகள் தளர்ந்துபோகும் நிலை. வறுமை வரும்போது மட்டுமல்ல, திடீர்ச் செழிப்பு வரும்போதும் அது நேரும் என்று 1897இல் தற்கொலை பற்றிய ஆய்வில் சொன்னார். மெர்ட்டன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அதற்குள் வேறொன்றை வைத்தார். சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது, அதை அடைவதற்கான நேர்வழிகளை எல்லோருக்கும் ஒரே அளவில் தருவதில்லை. இந்த இடைவெளிதான் அவருடைய அனோமி. முன்னவரிடம் எல்லையில்லாத ஆசை சிக்கல், பின்னவரிடம் அடைபட்ட வழி சிக்கல். இரண்டையும் முழு வாக்கியமாக எழுதினால் வேறுபாடு தானாகவே கண்ணில் படும். சொல்லை மட்டும் எழுதினால் ஆயுள் முழுக்கப் படாது.

சதர்லாண்டுக்கு நாங்கள் எழுதியது: நெருக்கமானவர்களோடு பழகும்போது குற்றத்தின் செய்முறையையும் அதற்கான நியாயங்களையும் ஒருவர் கற்கிறார், விதியை மீறலாம் என்கிற பக்கம் கூடாது என்கிற பக்கத்தைவிடக் கனக்கும்போது மீறுகிறார். பெக்கருக்கு: பிறழ்வு என்பது செயலுக்குள் இருக்கும் குணம் இல்லை, விதியை உண்டாக்கி ஒருவர் மீது அதைப் பொருத்துகிறவர்கள் இடும் முத்திரையின் விளைவு. இவ்வளவு போதும். இலக்கையும் வழியையும் மனிதர்கள் எதிர்கொள்ளும் விதத்தை மெர்ட்டன் ஐந்து வகைகளாகப் பிரித்தார். அந்த ஐந்தையும் இந்தக் கட்டத்துக்குள் அடைக்க அவள் பார்த்தாள், நான் தடுத்தேன். அந்த ஐந்துக்கும் இடம் எடுத்துக்காட்டு நிரலில் இருக்கிறது.

சரி, விமர்சனம். நாங்கள் மிக அதிக நேரம் செலவிட்டது இதில்தான்.

நல்ல விமர்சனம் தன் வரியிலேயே இருக்கும் முக்கியக் கருத்தின் ஏதோ ஒரு சொல்லைப் பிடிக்கும். 'எல்லோருக்கும் ஒரே இலக்கு' என்று மெர்ட்டனின் கட்டத்தில் இருக்கிறது, இல்லையா? அதைப் பிடிக்கவேண்டும். உண்மையிலேயே எல்லோருக்கும் இலக்கு ஒன்றுதானா? அப்புறம், 'இலக்கை அடைய வழி அடைபட்டது' என்றால், எந்த இலக்கையும் அடையாத குற்றங்களை என்ன செய்வது? 1955இல் ஆல்பர்ட் கோஹன் என்ற சமூகவியலாளர் இந்த இடத்தைத்தான் தொட்டார். பதின்வயதுக் கும்பல்கள் செய்யும் பலவற்றில் பணமோ லாபமோ எதுவும் இல்லை. திருடிய பொருளைத் தூக்கி எறிகிறார்கள், கண்ணாடியை உடைத்துவிட்டுப் போகிறார்கள். குறுக்கு வழியில் இலக்கை அடைவது என்ற விளக்கத்துக்குள் இது வராது. இப்படி எழுதிய விமர்சனத்தைக் கொண்டுபோய் சதர்லாண்டின் வரியில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

துர்க்கைமின் கட்டத்தில், குற்றமும் அதற்கான தண்டனையும் சமூகத்தின் நெறிகளை உறுதி செய்கின்றன என்று இருந்தது. யாருடைய நெறிகளை என்று கேட்டால் விமர்சனம் கிடைத்துவிடும். சமூகம் முழுவதற்கும் ஒரே மனசாட்சி இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த நெறி யாருக்குச் சாதகமானது, தண்டனை யார் மீது அடிக்கடி விழுகிறது என்பவை மறைந்துபோகின்றன. இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம்: ஒன்று பயன் தருகிறது என்று காட்டுவது, அது ஏன் உண்டானது என்று காட்டுவதாகாது. ஆனால் இதில் கவனம் வேண்டும். காரணமும் பயனும் வேறு வேறு என்பதைத் துர்க்கைமே அந்த 1895ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தியிருக்கிறார். ஆகவே 'அவருக்கு இது தெரியவில்லை' என்ற தொனியில் எழுதாமல், 'அவரே வகுத்த இந்த வேறுபாட்டைக் குற்றம் பற்றிய வாதம் எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது?' என்று கேள்வியாக எழுதச் சொன்னேன்.

சதர்லாண்டிடம் 'கனக்கும்போது' என்ற சொல்லைப் பிடித்தோம். எப்படி எடை போடுவது? ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட நியாயங்களையும் எதிர்நியாயங்களையும் யார் எண்ணமுடியும்? எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு காலம், எவ்வளவு இளம் வயதில், எவ்வளவு அழுத்தமாக என்று நான்கு அளவுகளை அவர் தந்தார். அவற்றை அளப்பதற்கு ஒரு கோல் தரவில்லை. குற்றம் நடந்தபின் திரும்பிப் பார்த்து 'கனத்திருக்கும்' என்று எப்போதும் சொல்லிவிடலாம் என்றால், அந்தக் கோட்பாட்டைச் சோதிப்பது எப்படி? எனக்கு இது மிகக் கூர்மையான விமர்சனமாகப் படுகிறது. ஆனால் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பெக்கரின் கட்டத்தில்தான் தடுக்கினோம். அவள் பழைய நோட்டில் எழுதியிருந்தது: முதன்முதலில் ஒருவர் ஏன் விதியை மீறுகிறார் என்பதை விளக்கவில்லை. ஏறத்தாழ எல்லாக் கையேட்டிலும் இருக்கும் வாக்கியம் இது. தவறு என்று சொல்லமுடியாது. ஆனால் முதல் நிரலில் அவருடைய கேள்வி என்ன என்று எழுதியிருக்கிறோமே, அதைப் பார்க்கச் சொன்னேன். 'முடிவு செய்வது யார், யார் மீது ஒட்டுகிறது?' முதல் மீறலுக்கான காரணம் அவர் கேட்ட கேள்வியே இல்லை. 1973இல் தன் நூலின் மறுபதிப்புக்கு எழுதிச் சேர்த்த இயலில் அவரே இதற்குப் பதில் சொன்னார். யாரோ முத்திரை குத்திவிட்டார்கள் என்பதற்காக மட்டும் வழிப்பறி செய்பவர்கள் வழிப்பறி செய்கிறார்கள் என்று சொல்வது அறிவீனம், தான் அப்படிச் சொல்லவும் இல்லை என்பது அவர் பதிலின் சாரம்.

இங்கேதான் முதல் நிரலில் செலவழித்த நேரம் திரும்பக் கிடைக்கிறது. விமர்சனங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அவர் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அவர் தந்த பதில் நிற்கவில்லை என்பது. மற்றது, நாம் முக்கியம் என்று நினைக்கும் கேள்வியை அவர் எடுக்கவில்லை என்பது. இரண்டாவதை எழுதக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை முதல் வகை போல எழுதினால் அந்த ஆளுக்கு அநியாயம் செய்கிறோம். நாங்கள் விமர்சனக் கட்டத்துக்குள் பென்சிலால் 'உள்' என்றும் 'வெளி' என்றும் ஒரு சிறு குறி போட்டுக்கொண்டோம். கையேட்டு வாக்கியத்துக்கு 'வெளி' என்று குறித்தோம்.

அப்படியென்றால் பெக்கருக்கு உள்விமர்சனம் என்ன? அதே நூலில் அவர் ஒரு சிறு அட்டவணை தருகிறார். விதியை மீறினாரா இல்லையா, மற்றவர்கள் அப்படிப் பார்க்கிறார்களா இல்லையா என்று இரண்டு கேள்விகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு வகை மனிதர்கள் வருகிறார்கள். அதில் ஒரு வகை, யாருக்கும் தெரியாமல் விதியை மீறுகிறவர், இரகசியப் பிறழ்வாளர். இப்போது முக்கியக் கருத்தைத் திரும்பப் படியுங்கள். முத்திரை விழுந்தால்தான் பிறழ்வு என்றால், முத்திரையே விழாத ஒருவரைப் பிறழ்வாளர் என்று எப்படி அழைக்கமுடியும்? அவர் தந்த வரையறையும் அவர் தந்த வகைப்பாடும் மோதுகின்றன. இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே! பாடத்தில் வரும் ஒரு பெரிய பெயரோடு தன்னால் நேராக வாதாட முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி நிரல் எடுத்துக்காட்டு. இதை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். ஒரு பாதியில் அந்த அறிஞர் தானே பயன்படுத்திய சான்று, மறு பாதியில் நால்வருக்கும் பொதுவாக நாம் எடுத்துக்கொள்ளும் ஒரே சம்பவம்.

முதல் பாதி முக்கியம். ஏனென்றால் ஒருவர் எதைப் பார்த்து எழுதினார் என்பது அவர் கருத்தின் எல்லையையும் காட்டும். துர்க்கைம் புனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு சமூகத்தைக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார். அங்கே நாம் அறிந்த குற்றம் ஒன்றும் இராது, ஆனால் சிறிய பிசகுகள் பெரிய குற்றமாகத் தெரியத் தொடங்கும். மெர்ட்டன் பணத்தையே வெற்றியாகக் கொண்டாடிய அமெரிக்கச் சமூகத்தை எடுத்துக்கொண்டார். சதர்லாண்ட் 1949இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்கள் மீதான சட்டமீறல் முடிவுகளைத் திரட்டினார். குற்றம் என்றால் ஏழ்மை என்ற எண்ணத்தை அது உலுக்கியது. (நிறுவனங்களின் பெயர்களை நீக்கித்தான் அந்த நூல் முதலில் வெளிவந்தது. பெயர்களோடு முழுப் பதிப்பு 1983இல்தான் வந்தது.) பெக்கர் 50 கஞ்சா பயன்படுத்துவோரோடு நடத்திய நேர்காணல்களையும், தானே பியானோ வாசித்த நடன இசைக்குழுக்களின் வாழ்க்கையையும் வைத்து எழுதினார்.

பொதுச் சம்பவமாக அவள் தேர்ந்தெடுத்தது தேர்வில் காப்பியடிப்பது. நல்ல தேர்வு. கொலை, கொள்ளை போல எல்லோரும் ஒரேயடியாகக் கண்டிக்கும் ஒன்றை எடுத்தால் பெக்கருக்கு வேலை இருக்காது. யாருமே கண்டுகொள்ளாத ஒன்றை எடுத்தால் துர்க்கைமுக்கு இருக்காது.

துர்க்கைமின் கண்ணில்: ஒரு மாணவர் பிடிபட்டு, எல்லோரும் அறியத் தண்டிக்கப்படுகிறார். அதனால் அவர் திருந்துகிறாரோ இல்லையோ, சொந்த உழைப்பில் எழுதவேண்டும் என்ற நெறி மற்றவர்கள் மனதில் இன்னொரு முறை அழுத்தமாகப் பதிகிறது. காப்பியே இல்லாத ஒரு வகுப்பு இருந்தால் அங்கே பக்கத்துத் தாளை ஒரு கணம் பார்ப்பதே பெரிய குற்றமாகும். மெர்ட்டனிடம்: மதிப்பெண்தான் எல்லாம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று, படிக்க நேரமோ துணையோ எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இலக்கை விடாமல் வழியை மட்டும் மாற்றிக்கொள்பவர் காப்பியடிக்கிறார், இது மெர்ட்டனின் புதுவழி வகை. தேறமாட்டோம் என்று மனதுக்குள் முடிவுசெய்துவிட்டும் ஒரு வகுப்பையும் தவறவிடாமல் அழகாகக் குறிப்பெடுப்பவர் சடங்குத்தன வகை. வகுப்புக்கே வராமல் ஒதுங்கிவிடுபவர் விலகல் வகை, தேர்வு முறையே வேண்டாம் வேறொன்று வேண்டும் என்று போராடுபவர் கிளர்ச்சி வகை. ஒழுங்காகப் படித்து எழுதுபவர் இணக்க வகை. ஐந்தும் ஒரே வகுப்பறையில் கிடைத்துவிட்டன.

சதர்லாண்டுக்கு வந்தால், துண்டுத் தாளை எங்கே மறைப்பது என்பதையும் 'எல்லாரும் செய்றதுதானே' என்ற நியாயத்தையும் ஒருவர் நெருங்கிய நண்பர்களிடமிருந்து சேர்த்தே கற்கிறார். இந்த இரண்டாவது பாடம் முதலாவதைவிட முக்கியம். பெக்கருக்கு, இரண்டு பேர் காப்பியடித்தார்கள், ஒருவர் பிடிபட்டார், அவ்வளவுதான் தொடக்கம். அதற்குப் பிறகு அவர் நேர்மையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாலும் சந்தேகம்தான் மிஞ்சுகிறது. மற்றவர் நல்ல மாணவராகவே தொடர்கிறார். வில்லியம் சாம்பிளிஸ் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையை இங்கே அவளுக்குச் சொன்னேன். ஒரே பள்ளியின் இரண்டு பையன் கூட்டங்களை அவர் இரண்டு ஆண்டுகள் கவனித்தார். வசதியான வீட்டு எட்டுப் பேர், வசதி குறைந்த ஆறு பேர். தவறுகள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் ஊரும் காவல்துறையும் பொறுக்கிகளாகப் பார்த்தது அந்த ஆறு பேரை மட்டும்.

பொதுச் சம்பவத்தால் இன்னொரு பயன் உண்டு. அதைக் கொஞ்சம் திருகிப் பார்த்தால் விமர்சன நிரல் சரியா என்று சோதிக்கலாம். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கும், எல்லா வசதியும் உள்ள மாணவர் காப்பியடித்தால்? மெர்ட்டனுக்குக் கை கட்டிப்போகிறது. நண்பர்களே இல்லாத ஒருவர் தனியாக ஒரு புது உத்தியைக் கண்டுபிடித்து அடித்தால்? சதர்லாண்ட் தடுமாறுகிறார். யாரிடமும் எப்போதும் பிடிபடாமல் ஐந்து ஆண்டுகள் அடித்தவர்? அவர்தான் பெக்கரின் இரகசியப் பிறழ்வாளர். நாம் எழுதிய விமர்சனத்துக்குப் பொருத்தமான ஒரு மாணவரைக் கற்பனை செய்ய முடியவில்லை என்றால், அந்த விமர்சனம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்று பொருள்.

கடைசியில் தாளில் நின்றது இது. அவள் கையெழுத்தில் இதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

| யார் | பார்வை (அவர் கேள்வி) | முக்கியக் கருத்து | விமர்சனம் | எடுத்துக்காட்டு |
|---|---|---|---|---|
| துர்க்கைம் | குற்றமில்லாத சமூகம் ஏன் இல்லை? | குற்றத்துக்கு எழும் எதிர்ப்பு நெறியை உறுதி செய்கிறது | உள்: யாருடைய நெறி? | புனிதர்களின் சமூகம் / எல்லோரும் அறியத் தண்டனை |
| மெர்ட்டன் | அழுத்தம் சிலர் மீது ஏன் அதிகம்? | இலக்கு எல்லோருக்கும், வழி சிலருக்கு | உள்: இலக்கு ஒன்றேதானா? லாபமில்லாக் குற்றம்? | அமெரிக்க வெற்றிக் கனவு / ஐந்து வகை மாணவர்கள் |
| சதர்லாண்ட் | ஒருவர் எப்படிக் கற்கிறார்? | நெருங்கியவர்களிடம் முறையும் நியாயமும் கற்கிறார் | உள்: எடையை அளப்பது எப்படி? | 70 நிறுவனங்கள் / 'எல்லாரும் செய்றதுதானே' |
| பெக்கர் | முடிவு செய்வது யார்? | பிறழ்வு முத்திரையின் விளைவு | உள்: இரகசியப் பிறழ்வாளர் யார்? வெளி: முதல் மீறல் ஏன்? | 50 நேர்காணல்கள் / பிடிபட்டவரும் பிடிபடாதவரும் |

மறுபடியும் ஒரு தாளால் பெயர்களை மூடினேன். விமர்சன நிரலைப் படித்தாள். நான்கையும் உடனே சொன்னாள்.

அப்புறம் 'மெர்ட்டனையும் பெக்கரையும் ஒப்பிடுக' என்று கேள்வி கொடுத்தேன். அவள் எழுதியதன் முதல் வாக்கியம் இது: 'மெர்ட்டன் விதிகளை ஏற்கனவே இருப்பவையாக வைத்துக்கொண்டு, அவற்றை மீறும் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார்; பெக்கர் அந்த விதிகளையே விளக்கப்பட வேண்டியவையாக எடுத்துக்கொள்கிறார்.' இது எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இரண்டு கட்டங்களை நெடுக்காகப் பார்த்ததில் பிறந்தது. அடுத்த வாக்கியத்தில், குற்றப் புள்ளிவிவரத்தை மெர்ட்டனால் ஓரளவு நம்பமுடியும், பெக்கருக்கோ அதுவும் முத்திரையிட்டவர்களின் வேலைதான் என்று எழுதினாள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. பாடத்தின் கடைசியில் கோஹனும் வருகிறார். அவருக்கு ஐந்தாவது வரி போட்டாள். முக்கியக் கருத்து: பள்ளியின் அளவுகோலில் மதிப்புக் கிடைக்காத பையன்கள் ஒன்றுகூடி, அந்த அளவுகோலையே தலைகீழாக்கித் தங்களுக்குள் மதிப்பைத் தேடிக்கொள்கிறார்கள். எழுதிவிட்டுப் பார்த்தால், 'கிடைக்காத' என்ற பாதி மெர்ட்டனிடமிருந்து வந்தது, 'ஒன்றுகூடி' என்ற பாதி சதர்லாண்டிடமிருந்து வந்தது. மெர்ட்டனின் விமர்சனக் கட்டத்திலும் அவரே இருக்கிறார். தனி வரியில் வைத்தால் இந்த உறவு தெரியாமல் போய்விடுகிறது. ஒருவர் இன்னொருவருக்குப் பதிலாக எழுதினார் என்பதைக் காட்டுவதற்கு அட்டவணையில் இடமே கிடையாது. யார் முன்னால், யார் பின்னால் என்பதைக்கூட அது சொல்வதில்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் ஐந்தாவது வரியை அழித்தாள். மெர்ட்டனின் விமர்சனக் கட்டத்திலிருந்து சதர்லாண்டின் முக்கியக் கருத்துக்கு, கோடுகளைக் குறுக்கே தாண்டி சிவப்பு மையால் ஓர் அம்பு வரைந்தாள். அதன்மேல் 'கோஹன், 1955' என்று எழுதினாள்.